காணொளிக்குக் கீழே ஓர் ஆசிரியர்

ஓர் ஆசிரியர் பணி நிறைவு பெறும்போது மாணவர்கள் ஒரு மலர் வெளியிடுவதும், வாழ்த்துமடல் ஒன்றை அச்சிட்டுக் கண்ணாடிச் சட்டமிட்டு மேடையில் வாசித்தளிப்பதும் நம் ஊர்களில் நெடுநாள் வழக்கம். இப்போது அந்த இடத்திற்குக் காணொளி வந்துவிட்டது. பழைய மாணவர்கள் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசுகிறார்கள். பின்னணியில் நாதசுரமோ வீணையோ ஒலிக்கிறது. பழைய குழுப்படங்கள் மெல்ல நகர்கின்றன. யூடியூபில் ஏற்றும் கடைசி நேரத்தில்தான் ‘விவரம்’ என்ற கட்டம் நினைவுக்கு வருகிறது. யாரோ ஒருவர் ஐந்து நிமிடத்தில் எதையோ எழுதி நிரப்பிவிடுகிறார்.

அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் இப்பதிவு. காணொளியில் பேசுபவர்களின் குரலை யாரும் தேடிக் கண்டடைய முடியாது. தேடலுக்கு அகப்படுவது பெரும்பாலும் தலைப்பும் அதன் கீழுள்ள எழுத்தும்தான். புகழ்பெற்ற பேராசிரியருக்குக் கலைக்களஞ்சியக் கட்டுரை உண்டு, நூல்களின் பின்னட்டைக் குறிப்பு உண்டு. முப்பத்தைந்து ஆண்டுகள் ஏழாம் வகுப்பிற்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஓர் ஆசிரியைக்கு அப்படி எதுவும் இல்லை. அவரைப் பற்றிப் பொதுவெளியில் எழுதப்படும் முதல் பத்தியும் கடைசிப் பத்தியும் அதுவாகவே இருந்துவிடக்கூடும். அதில் தேதி தவறினால் திருத்த இன்னொரு ஏடு கிடையாது.

அண்மையில் இங்கே கே.கே. நகரில் வசிக்கும் பழைய மாணவர்கள் சிலர், தங்கள் கணக்கு ஆசிரியைக்காக எடுத்த காணொளியின் விவரக் குறிப்பைப் பிழை பார்க்கச் சொல்லி எங்களிடம் தந்தார்கள். பதினான்கு வரிகள். அன்பே உருவானவர், அறிவுக்கடல், எங்களை ஏற்றிவிட்ட ஏணி, ஒளிதரும் மெழுகுவர்த்தி என்று வரிக்கு ஓர் அடைமொழி இருந்தது. எந்தப் பள்ளி, எந்தப் பாடம், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை என்பது எங்கும் இல்லை. ஆசிரியையின் பெயரை எடுத்துவிட்டு வேறொரு பெயரை வைத்தால் ஒரு சொல்லும் மாற்ற வேண்டியதில்லை. குறிப்பின் தலைப்போ ‘எங்கள் ஆசிரியைக்கு அஞ்சலி’. அந்த அம்மையார் நலமாக இருக்கிறார்.

எங்கள் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறோம். தமிழில் ஓர் ஆசிரியருக்குச் செய்யும் மரியாதையை மூன்று இடங்களில் காணலாம்: சரியான நாள், சரியான வினைமுற்று, சொன்னவர் இன்னார் என்று தெரிகிற நினைவு. இம்மூன்றும் அமைந்தால் அடைமொழி தேவைப்படுவதில்லை. இவை இல்லாதபோது எத்தனை அடைமொழி இட்டாலும் அந்த மனிதர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

முதலில் நாள். தமிழ்நாட்டில் அந்தத் தலைமுறை ஆசிரியர்கள் பலருக்குப் பிறந்தநாள் இரண்டு உண்டு. ஒன்று வீட்டார் நட்சத்திரத்தோடு நினைவில் வைத்திருப்பது. மற்றொன்று பள்ளியில் சேர்த்த அன்று, வயது போதாது என்பதற்காகவோ நாள் தெரியாது என்பதற்காகவோ தலைமையாசிரியர் எழுதிக்கொண்டது. பணிப்பதிவேட்டில் ஏறுவது இரண்டாவது நாள். ஓய்வுக் கணக்கும் அதன்படிதான். எனவே பிறந்தநாளைக் குறிப்பில் எழுதும் முன் எந்தப் பிறந்தநாள் என்று அவரிடமோ குடும்பத்தாரிடமோ கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஓய்வு நாளிலும் இப்படி ஒரு முடிச்சு இருக்கிறது. அரசுப் பணியில் ஓய்வு வயது 2020 வரை 58. அவ்வாண்டு 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்ந்தது. ஓய்வு பெறுவது வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில். ஆனால் கல்வியாண்டின் நடுவே வயது நிறையும் ஆசிரியர், மாணவர் படிப்புக் கெடாதிருக்க, மறுநியமனமாக ஆண்டு முடியும்வரை வகுப்பெடுப்பார். 1949 அக்டோபரில் பிறந்த ஒருவர் ஏட்டின்படி 2007 அக்டோபர் 31இல் ஓய்வு பெற்றிருப்பார். பிள்ளைகளின் நினைவிலோ 2008 மே வரை வகுப்பில் நின்றிருப்பார். இருவர் இரண்டு ஆண்டு சொன்னால் இருவருமே சரியாக இருக்கலாம். ‘2007இல் ஓய்வு வயதை எட்டி, 2008 மே வரை கற்பித்தார்’ என்று எழுதினால் வழக்குத் தீர்ந்தது. இதே கணக்கைக் கொண்டு பிழையையும் பிடிக்கலாம். 1949இல் பிறந்து 2012இல் அரசுப் பள்ளியில் ஓய்வு என்று குறிப்பு சொன்னால் இரண்டில் ஒன்று தவறு.

எல்லாருக்கும் தெரிந்த ஓர் ஆசிரியரை வைத்து இதைச் செய்து பார்ப்போம். மதுரையில் வாழ்ந்து மறைந்த பேராசிரியர் தமிழண்ணலை எடுத்துக்கொள்கிறோம். பிறப்பு 1928 ஆகஸ்ட் 12, மறைவு 2015 டிசம்பர் 29. நூற்றாண்டு நெருங்குகிறது என்பதால் இந்தத் தேர்வுக்குப் பயனும் உண்டு. காணொளிகள் வரத்தான் போகின்றன.

முதல் சிக்கல் பெயர். தமிழண்ணல் என்பது அவர் சூடிய பெயர். இயற்பெயர் இராம. பெரியகருப்பன். பள்ளியிலும் கல்லூரியிலும் தொடக்க காலத்தில் அவரிடம் படித்தவர்களுக்கு அவர் பெரியகருப்பன்தான். அந்தப் பெயரை மட்டும் இட்டுத் தேடினால் அதே பகுதியைச் சேர்ந்த அரசியல்வாதி ஒருவர் முன்னே வந்து நிற்பார். ஆகவே இரு பெயரும் குறிப்பின் முதல் வரியிலேயே சேர்ந்து வர வேண்டும். ஆங்கில எழுத்தில் ஒருமுறை கீழே இருந்தால் அயல்நாட்டுத் தமிழருக்கு உதவும்.

இரண்டாவது வயது. 1928 ஆகஸ்டிலிருந்து 2015 டிசம்பர் வரை கணக்கிட்டால் 87 நிறைந்து 88 நடந்துகொண்டிருந்தது. ஒருவர் ‘87 வயதில்’ என்றும் மற்றொருவர் ‘88ஆம் அகவையில்’ என்றும் எழுதினால் முரண் இல்லை. ஆனால் ‘88 வயது நிறைந்து’ என்று எழுதினால் பிழை. நூற்றாண்டும் அப்படியே. 2027 ஆகஸ்ட் 12இல் நூற்றாண்டு தொடங்குகிறது, 2028 ஆகஸ்ட் 12இல் நிறைவடைகிறது. நூறாவது ஆண்டா, நூறு நிறைந்த விழாவா என்பதை விழாக் குழுவினர் முடிவு செய்து, ஒரே சொல்லை எல்லா இடத்திலும் ஆள வேண்டும். நாளை எண்ணில் மட்டும் எழுதுவதும் நல்லதன்று. 12-8 என்று எழுதினால் அமெரிக்காவில் வளர்ந்த பேரப்பிள்ளை அதை டிசம்பர் 8 என்று படிப்பான். மாதத்தைச் சொல்லால் எழுதிவிட்டால் ஐயமில்லை.

மூன்றாவது இடம். அவர் பிறந்த நெற்குப்பை இன்று சிவகங்கை மாவட்டம். அம்மாவட்டமோ 1985இல்தான் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்தது. ‘1928இல் சிவகங்கை மாவட்டத்தில் பிறந்தார்’ என்று எழுதாமல் ‘இன்றைய சிவகங்கை மாவட்டம் நெற்குப்பையில்’ என்றால் போதும், ஒரு சொல்லில் வரலாறு சரியாகிவிடுகிறது. அவர் பணியாற்றிய மதுரைப் பல்கலைக்கழகத்தின் பெயரிலும் 1978இல்தான் காமராசர் சேர்ந்தார். எழுபதுகளின் தொடக்கத்தைப் பற்றிப் பேசும் மாணவர் ‘மதுரைப் பல்கலைக்கழகம்’ என்றால் அது நினைவுப் பிசகன்று; திருத்தவும் கூடாது.

நான்காவது, எதைச் சொல்வது என்பது. தமிழண்ணல் பள்ளத்தூரில் பள்ளித் தமிழாசிரியராக இருந்தவர். பின்னரே கல்லூரி, பல்கலைக்கழகம். புகழுரைகள் பல்கலைக்கழகத்திலிருந்தே தொடங்க விரும்பும். பள்ளியை ஒரு படிக்கட்டாகக் கடந்துவிடும். எங்களுக்கு அது உடன்பாடில்லை. ‘உங்கள் தமிழைத் தெரிந்து கொள்ளுங்கள்’ என்ற நூலை எழுதியவரின் முன்னிலையில் ஒரு பொது வாசகர் அமர்ந்திருக்கிறார். ஆய்வாளரிடம் பேசுகிற தொனி அந்தத் தலைப்பிலேயே இல்லை. வகுப்பறையில் பழகிய ஆசிரியர்தான் அப்படித் தலைப்பிடுவார் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. அந்த நூலின் ஆசிரியருக்கு எழுதும் விவரக் குறிப்பில் ஒற்றுப்பிழை இருந்தால் மற்ற மரியாதைகளுக்குப் பொருளில்லை என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

இனி வினைமுற்றும் சொல்லும். மதுரைச் சுவர்களில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு ‘அஞ்சலி’ என்றால் ஒரே பொருள்தான். கைகூப்புதல் என்ற பழம்பொருள் அகராதியில் இருக்கலாம். காணொளித் தலைப்பில் அதை யாரும் அப்படிப் படிக்கப் போவதில்லை. உயிரோடு இருப்பவருக்கு ‘ஆசிரியர் வணக்கம்’, ‘பாராட்டு’, ‘நன்றியுரை’ என எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. ‘நினைவேந்தல்’, ‘புகழ் வணக்கம்’ ஆகியவை மறைந்தவர்களுக்கு உரியவை. இவற்றை மாற்றிப் போட்டால் வெளியூரில் இருக்கும் மாணவர் ஒருவர் இரவில் பதறி எழுந்து தொலைபேசியில் அழைப்பார்.

தலைப்பில் செய்யாத பிழையைச் சிலர் வினையில் செய்கிறார்கள். ‘அவர் மிக அன்பானவராக இருந்தார், எப்போதும் சிரித்த முகத்துடன் காணப்பட்டார்.’ ஓய்வு பெற்றவரைப் பற்றி இப்படி இறந்தகாலத்திலேயே எழுதிக்கொண்டு போனால், படிப்பவர் இரண்டாம் வரியில் அவரை வழியனுப்பி வைத்துவிடுவார். பணியைப் பற்றிச் சொல்லும்போது இறந்தகாலம் சரி: கற்பித்தார், ஓய்வு பெற்றார். இயல்பைப் பற்றிச் சொல்லும்போது தமிழில் நமக்கு ஓர் அழகிய வசதி இருக்கிறது. ‘சொல்வார்’, ‘சிரிப்பார்’, ‘காத்திருப்பார்’ என்ற வடிவம் எதிர்காலத்திற்கும் வழக்கத்திற்கும் ஒருங்கே உரியது. அன்று வகுப்பில் செய்ததையும், இன்றும் செய்யக்கூடியதையும் அது ஒன்றாகச் சொல்லிவிடும். நினைவுகளை இந்த வடிவில் எழுதினால் வாழ்பவர் வாழ்பவராகவே இருப்பார்.

மறைந்தவருக்கு எந்தச் சொல் என்பது அவருடைய நம்பிக்கையைப் பொறுத்தது. பகுத்தறிவாளர் ‘இயற்கை எய்தினார்’. அவரை ‘இறைவனடி சேர்ந்தார்’ என்று எழுதுவது, அவர் வாழ்நாளெல்லாம் மறுத்ததைச் செத்தபின் அவர்மேல் சுமத்துவது. சைவர் சிவபதம் அடைவார், வைணவர் ஆசாரியன் திருவடி அடைவார், கிறித்தவர் கர்த்தருக்குள் நித்திரை அடைவார், இசுலாமியர் வஃபாத்தானார் என்று எழுதப்படுவார். தெரியாவிட்டால் ‘மறைந்தார்’ என்ற சொல் இருக்கிறது. யாருக்கும் அது குறைவில்லை. ‘அவர்கள்’ என்பதையும் பெயர் வருமிடமெல்லாம் ஒட்ட வேண்டியதில்லை. முதல்முறை ஒன்று போதும். அதற்குமேல் ‘ஆர்’ விகுதியே மரியாதையைச் சுமக்கும். ஒரே பத்தியில் ‘சொன்னார்’, ‘சொன்னார்கள்’ என்று மாறி மாறி வருவது மட்டும் கூடாது.

இன்னொன்று, பெயரோடு வரும் சாதி ஒட்டு. பழைய தலைமுறை ஆசிரியர் சிலர் தம் பெயரை அவ்வாறே எழுதினார்கள். வேறு சிலர் பாதி வாழ்க்கையில் அதை உதறினார்கள். உதறியவருக்கு மறுபடி ஒட்டுவது பெரும்பிழை. அவர் கையொப்பமிட்டபடி எழுதுவது என்பதே எங்கள் விதி. நினைவுகூர்பவர் பேசும்போது ‘சார்’, ‘டீச்சர்’, ‘ஐயா’ என்று அழைத்தால் அதை ‘ஆசிரியப் பெருந்தகை’ என்று மாற்றவும் கூடாது. டீச்சர் என்ற சொல்லில் இருக்கும் நெருக்கம் பெருந்தகையில் இல்லை.

மூன்றாவது, நினைவு. கே.கே. நகர் நண்பர்களிடம் நாங்கள் ஒன்றுதான் கேட்டோம்: டீச்சர் செய்தது எதையாவது ஒன்று சொல்லுங்கள். முதலில் மறுபடியும் ஏணியும் மெழுகுவர்த்தியும் வந்தன. பிறகு, அதுவரை பேசாமலிருந்த ஒருவர் சொன்னார். டீச்சர் விடைத்தாள்களைத் திருப்பித் தரும்போது மதிப்பெண்ணை உரக்க வாசிக்க மாட்டார். ஒவ்வொரு தாளையும் நீளவாக்கில் மடித்து, மதிப்பெண் உள்பக்கம் இருக்கும்படி கையில் கொடுப்பார். விரித்துப் பார்ப்பதா, அப்படியே பைக்குள் வைத்துக்கொள்வதா என்பது அந்தப் பிள்ளையின் விருப்பம். சொன்னவர் 1986இல் பத்தாம் வகுப்பு. அவ்வாண்டு அரையாண்டுத் தேர்வில் கணக்கில் அவர் வாங்கியது பதினேழு. ‘அந்தப் பதினேழு எனக்கும் டீச்சருக்கும் மட்டுந்தான் தெரியும், இன்னைக்குத்தான் வெளியில சொல்றேன்’ என்றார்.

பதினான்கு வரி அடைமொழியும் செய்யாததை அந்த மடிப்பு செய்துவிட்டது. அதில் ஆள் இருக்கிறார், ஆண்டு இருக்கிறது, செயல் இருக்கிறது. வேறோர் ஆசிரியர் பெயரை அங்கே வைக்க முடியாது. கூட்டாகக் காணொளி எடுப்பவர்கள் எல்லாருடைய நினைவையும் கலந்து ஒரே குரலில் ‘நாங்கள் அனைவரும்’ என்று எழுதிவிடுவதால் இந்தக் கூர்மை போய்விடுகிறது. மூன்று நினைவு போதும். ஒவ்வொன்றுக்கும் சொன்னவர் எந்த ஆண்டு மாணவர் என்பதையும், அவர் சம்மதித்தால் பெயரையும் சேர்க்கலாம். ஒரே சம்பவத்தை இருவர் வேறுவிதமாகச் சொன்னால் சமரசம் செய்ய வேண்டாம். இருவர் பெயரிலும் விட்டுவிடலாம்.

இங்கே ஓர் இடறலான பகுதியும் வருகிறது. பழைய மாணவர் பத்துப் பேர் பேசினால் நாலு பேராவது பிரம்பைப் பற்றிப் பேசுவார்கள். ‘அன்று அடித்தார், இன்று ஆளானேன்’ என்பது நம் நினைவுரைகளின் நிரந்தரப் பல்லவி. குழந்தைகளை உடலாலோ உள்ளத்தாலோ துன்புறுத்துவதைக் கல்வி உரிமைச் சட்டம், 2009, தன் 17ஆம் பிரிவில் தடை செய்கிறது. பழைய காலத்தை இன்றைய சட்டத்தால் நிறுக்க வேண்டாம் என்று நண்பர்கள் சொன்னார்கள், அது நியாயமே. ஆனால் அடி வாங்கிப் பள்ளியைவிட்டே நின்றுபோனவர் இந்தக் காணொளிக்குப் பேச வரவில்லை என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். தன்மேல் விழுந்த அடியை ஒருவர் சொல்லலாம், அது அவருடைய நினைவு. இன்னொருவன் வாங்கிய அடியை அவன் பெயரோடு சிரித்துக்கொண்டே எழுத நமக்கு உரிமையில்லை. பிரம்பைப் பெருமையாக்கும் வரியை விவரக் குறிப்பிலிருந்து எடுத்துவிடும்படியே நாங்கள் சொன்னோம். எடுத்தார்கள், சற்று மனத்தாங்கலோடு.

கட்டத்தின் அளவைப் பற்றிச் சிறிது. யூடியூப் தலைப்புக்கு 100 எழுத்துருக்களும் விவரத்திற்கு 5000 எழுத்துருக்களும் தருகிறது. தமிழில் ‘தொ’ என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு மெய்யும் உயிர்க்குறியுமாக இரண்டு. எனவே அடைமொழிகளை அடுக்கிய தலைப்பு பெயர் வருவதற்குள் முடிந்துபோகும். விவரத்திலும் ‘மேலும்’ என்பதை அழுத்தாதவர் கண்ணில் படுவது முதல் ஓரிரு வரிகள் மட்டுமே. அங்கே பெயரும் பாடமும் பள்ளியும் ஆண்டும் இருக்க வேண்டும். யார் எந்த நிமிடத்தில் பேசுகிறார் என்று கீழே குறிக்கலாம். வரிசை 0:00 என்று தொடங்கி, குறைந்தது மூன்று குறிப்புகள் ஏறுமுகமாக இருந்தால் அவை தனித்தனிப் பகுதிகளாகப் பிரிந்து நிற்கும். ஏற்றிய நாள் தானாகத் தெரியும். ஒளிப்பதிவு செய்த நாள் தெரியாது. அதை நாம்தான் எழுத வேண்டும். பத்தாண்டு கழித்துப் பார்ப்பவருக்கு அப்போது ஆசிரியரின் வயது என்ன என்பதைச் சொல்வது அந்த நாளே.

வாழும் ஆசிரியரின் வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ‘தொடர்புகொள்ள விரும்புவோருக்காக’ என்று அன்பு மிகுதியில் சேர்ப்பவர்கள் உண்டு. முழுப் பிறந்தநாளோடு அவையும் ஒரே இடத்தில் கிடைத்தால் வங்கிப் பெயர் சொல்லி முதியவர்களை அழைத்து ஏமாற்றுபவர்களுக்கு வேலை எளிதாகிவிடும். வாழ்பவருக்குப் பிறந்த ஆண்டு போதும். வாழ்த்து அனுப்ப விரும்புபவர் காணொளியின் கீழே எழுதட்டும்.

இத்தனையும் சேர்ந்தால் ஒரு குறிப்பு எப்படி இருக்கும்? தமிழண்ணலுக்காக நாங்கள் எழுதிப் பார்த்தது இது:

‘பேராசிரியர் தமிழண்ணல் (இராம. பெரியகருப்பன்), தமிழாசிரியர். 1928 ஆகஸ்ட் 12 – 2015 டிசம்பர் 29.

இன்றைய சிவகங்கை மாவட்டம் நெற்குப்பையில் பிறந்தவர். பள்ளத்தூரில் பள்ளித் தமிழாசிரியராகப் பணியாற்றிப் பின்னர் மதுரைத் தியாகராசர் கல்லூரியிலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். “உங்கள் தமிழைத் தெரிந்து கொள்ளுங்கள்”, “புதிய நோக்கில் தமிழ் இலக்கிய வரலாறு” ஆகியவற்றின் ஆசிரியர். தமிழைப் பயிற்றுமொழியாக்க வேண்டி 1999இல் சென்னையில் தமிழறிஞர்கள் மேற்கொண்ட உண்ணாநோன்பில் முன்னின்றவர். மதுரையில் மறைந்தார்.

இதில் பேசுபவர்கள் அவரிடம் பயின்றவர்கள். ஒவ்வொருவர் பெயருடனும் பயின்ற இடமும் ஆண்டும் கீழே உள்ளன.’

ஓர் அடைமொழியும் இல்லை. ‘தமிழாசிரியர்’ என்ற ஒரு சொல் முதல் வரியில் இருக்கிறது. அதைவிடப் பெரிய பட்டத்தை அவர் பெயருக்குப் பின்னால் இட எங்களுக்குத் தெரியவில்லை. இதற்குக் கீழே வர வேண்டிய நினைவுகளை நாங்கள் எழுத முடியாது. அவரிடம் படித்தவர்கள் எழுத வேண்டும்; பள்ளத்தூர் வகுப்பறையில் அமர்ந்தவர்களுக்கு இப்போது எண்பதை ஒட்டிய வயது இருக்கும் என்பதால் விரைவில் எழுத வேண்டும்.

கணக்கு ஆசிரியையின் குறிப்பும் ஒருவாறு முடிந்தது. பள்ளியின் பெயர், இரண்டு ஆண்டுகள், மூன்று நினைவுகள். ஏற்றும் முன் அவரிடமே படித்துக் காட்டும்படி சொல்லியிருந்தோம். வாழ்பவரைப் பற்றி எழுதுவதில் உள்ள பெரிய வசதி அது. பிழை திருத்த அவரே இருக்கிறார். ஓய்வு பெற்ற மாதத்தை அவர் திருத்தினாராம். மடித்த விடைத்தாளைப் பற்றிய வரி வந்தபோது, ‘அவன் பதினேழுன்னு போடாதீங்க, அது அவனோட இருக்கட்டும்’ என்றாராம். மதிப்பெண் சொன்னவரோ அது இருக்கத்தான் வேண்டும் என்கிறார். இருவரில் யார் பக்கம் என்று எங்களுக்குள்ளேயே இன்னும் ஒத்த கருத்தில்லை.